‘ரேட் என்ன?’ என்று கேட்டவருக்கு

கோடைக்கானலில் வில்பட்டி பக்கம் ஒரு வீடு. கீழே வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள், மாடியில் இருக்கும் மூன்று அறைகளை ஹோம்ஸ்டேயாக விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு அவர்களுடைய வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வருகிறது: “வணக்கம். மே 22 டு 24. 4 அடல்ட்ஸ், 2 கிட்ஸ். ரேட் என்ன?”

கேட்டவர் மதுரையிலோ திருச்சியிலோ சாப்பிட்டு முடித்துவிட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பவர். இதே வரியை இன்னும் நாலைந்து வீடுகளுக்கும் அனுப்பியிருப்பார். ஒவ்வொரு பதிலையும் மனைவியிடம் காட்டுவார், இல்லையென்றால் கூட வரும் நண்பர் குடும்பத்துக்கு ஃபார்வர்டு செய்வார். முடிவெடுக்கப் போவது அவர் ஒருவர் மட்டும் இல்லை.

இந்தக் கேள்விக்கு வழக்கமாகப் போகும் பதிலை மலையில் அறை தேடிய எல்லாரும் பார்த்திருப்போம். “இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் இல்லத்துக்கு அன்புடன் வரவேற்கிறோம்” என்று ஆரம்பிக்கும். பின்னாலேயே இருபது படங்கள். அதன் பிறகு மது அருந்தக் கூடாது, பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று பத்துப் பதினைந்து விதிகள். எல்லாவற்றுக்கும் அடியில் “ரேட்டுக்கு கால் பண்ணவும்.” கேட்டவர் கேட்டது ஒரே ஒரு விஷயம். அதைத் தவிர எல்லாம் வந்துவிட்டது.

இந்தப் பதிலில் இருக்கும் தகவல்கள் எதுவும் தப்பில்லை. அவை வந்த வரிசைதான் தப்பு. ஹோம்ஸ்டே விசாரணைக்கான பதிலில் நாலு பகுதிகள் இருக்கும்: விலை, அந்த விலைக்குள் என்னென்ன அடங்கும், நிபந்தனைகள், அடுத்து செய்ய வேண்டியது. இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு பகுதியும் படிப்பவர் மனதில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிடும். அடுத்த பகுதி அதைத் தீர்க்க வேண்டும். விலையைப் பார்த்ததும் ‘இதுக்கு என்ன தருவாங்க?’ என்று தோன்றும். அது தெரிந்ததும் ‘இதுல ஏதாவது சிக்கல் இருக்கா?’ என்று தோன்றும். சிக்கல் இல்லை என்று பட்டால், ‘சரி, எப்படி போடுறது?’ என்ற கேள்வி தானாக வரும். இதைக் கலைத்துப் போட்டால், கேட்காத கேள்விக்கு முதலில் பதில் போகும், கேட்ட கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் விலை. அதற்கும் முன்னால் ஒரு சொல் இருக்கிறது: இருக்கு, அல்லது இல்லை. அந்தத் தேதியில் அறை காலி இல்லையென்றால் விலைக்கு வேலையே கிடையாது. ஆகவே முதல் வரி “மே 22, 23 ரெண்டு ராத்திரிக்கும் ரூம் இருக்குங்க” என்பதும், அதோடு ஒட்டியபடி மொத்தத் தொகையும். வாட்ஸ்அப்பைத் திறக்காமலே போன் திரையில் தெரிவது முதல் ஓரிரண்டு வரிதான். அந்த இடத்தில் ‘அன்புடன் வரவேற்கிறோம்’ இருந்தால் செய்தி திறக்கப்படக் காத்திருக்கும். தொகை இருந்தால், திறக்காமலே பாதிப் பதில் போய்ச் சேர்ந்துவிடும்.

தேதியைத் திருப்பிச் சொல்வதில் இன்னொரு பலன் உண்டு. ‘22 டு 24’ என்றால் இரண்டு ராத்திரி என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். கேட்டவர் மூன்று நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். “வெள்ளி மதியம் வந்து ஞாயிறு காலையில கிளம்புற மாதிரி” என்று கிழமையோடு எழுதிவிட்டால், ஞாயிறு இரவும் தங்க நினைத்திருப்பவர் அப்போதே சொல்லிவிடுவார்.

தொகையைச் சொல்வதில்தான் நிறைய பேர் இடறுகிறார்கள். “ஒரு ரூம் 3,200” என்று எழுதினால் அது ஒரு நாளைக்கா, ஆறு பேருக்கு எத்தனை ரூம் வேண்டும், குழந்தைகளுக்குத் தனிக் காசா என்று படிப்பவர் கணக்குப் போட வேண்டும். அவர் போடும் கணக்கும் வீட்டுக்காரர் போடும் கணக்கும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. குடகு, வயநாடு பக்கம் தங்கிப் பழகியவர்களுக்கு ஹோம்ஸ்டே விலை என்றால் தலைக்கு இவ்வளவு, சாப்பாடும் சேர்த்து என்பது பழக்கம். கோடைக்கானலிலும் ஊட்டியிலும் பெரும்பாலும் அறைக்கு இவ்வளவு. ஆகவே வெறும் 3,200 என்ற எண்ணை ஒருவர் தலைக்கு என்று படித்து மலைத்துப் போவார், இன்னொருவர் மூன்று வேளைச் சாப்பாட்டோடு என்று படித்து வந்து நிற்பார்.

நம் உதாரண வீட்டில் சீசன் வாடகை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 3,200 ரூபாய். நாலு பெரியவர்களுக்கு இரண்டு அறை, இரண்டு இரவு. ஆகமொத்தம் 12,800. முதலில் போக வேண்டிய எண் இந்த 12,800-தான். அது எப்படி வந்தது என்பது அடுத்த வரியில்: 2 ரூம், 2 ராத்திரி, ரூமுக்கு 3,200. மொத்தத்தை மட்டும் சொல்லிப் பிரித்துக் காட்டாவிட்டால் குத்துமதிப்பாகச் சொன்ன மாதிரி தெரியும். பிரித்து மட்டும் காட்டி மொத்தத்தைச் சொல்லாவிட்டால் கடைசியில் எவ்வளவு வந்து நிற்குமோ என்ற பயம் வரும். இணையத் தளங்களில் ஒரு விலையைப் பார்த்துவிட்டு, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் வேறு விலையைப் பார்த்து ஏமாந்த அனுபவம் இன்று எல்லாருக்கும் இருக்கிறது. மொத்தத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்கிற வீட்டின் மேல் அதனாலேயே ஒரு நம்பிக்கை வரும்.

வரியும் அந்த மொத்தத்துக்குள் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வீடென்றால் வரியைக் கூட்டிய தொகையைச் சொல்லி ‘வரி உட்பட’ என்று போட்டால் போதும். பதிவு இல்லாத வீடு வரி என்று தனியாக ஒரு பைசாவும் வாங்க முடியாது. அங்கே அந்தச் சொல்லே வேண்டியதில்லை.

சரி, குழந்தைகள்? வயது சொல்லவில்லை. இந்த வீட்டில் பத்து வயது வரை பெற்றோர் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. பத்துக்கு மேல் என்றால் எக்ஸ்ட்ரா பெட், இரவுக்கு 600. இங்கே பலர் செய்வது, “பசங்க வயசு என்ன?” என்று மட்டும் திருப்பிக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது. கேள்வி நியாயமானது, ஆனால் விலை கேட்டவருக்கு விலை போகவில்லை. அதற்குள் மற்ற நாலு வீடுகளில் ஒன்று எண்ணைச் சொல்லியிருக்கும். தெரியாத விவரத்துக்காகத் தெரிந்த விலையை நிறுத்திவைக்கத் தேவையில்லை. “பசங்க 10 வயசுக்கு மேலன்னா எக்ஸ்ட்ரா பெட், ஒருத்தருக்கு ரெண்டு ராத்திரிக்கும் சேர்த்து 1,200” என்று எழுதிவிட்டால், அவர் தன் பிள்ளைகளின் வயதை வைத்துத் தானே கூட்டிக்கொள்வார். இரண்டு பேருமே பத்தைத் தாண்டியவர்கள் என்றால் 15,200. அதற்கு மேல் போகாது என்பதும் தெரிந்துவிடும்.

தேதியே சொல்லாமல் “ரேட் எவ்ளோ?” என்று மட்டும் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் இரண்டு எண்களைச் சொல்லிவிடலாம்: சீசனில் இவ்வளவு, மற்ற நாட்களில் இவ்வளவு. பிறகு ஒரே ஒரு கேள்வி, என்றைக்கு, எத்தனை பேர் என்று. எண்ணைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் பதில் வரும். எண்ணைக் கொடுக்காமல் கேட்டால், விலையைச் சொல்லும் முன் ஆளை எடைபோடுகிறார்களோ என்ற சந்தேகம்தான் வரும்.

விலைக்கு அடுத்து, அதற்குள் அடங்குவது. இதை விலைக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலை டிபன், பால்கனி, சுடுதண்ணீர் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு அப்புறம் எண்ணைச் சொன்னால் எண் சின்னதாகத் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. நேரில் கடையில் உட்கார்ந்து புடவை எடுக்கும்போது அது நடக்கலாம். போனில் படிப்பவர் விலை எங்கே என்று விரலால் தள்ளிக்கொண்டே போவார், நடுவில் இருப்பதைப் படிக்க மாட்டார். எண் கண்ணில் பட்ட பிறகுதான் மேலே திரும்பி வந்து என்னென்ன தருகிறார்கள் என்று பார்ப்பார். எப்படியும் விலைக்குப் பிறகு படிக்கப் போவதை விலைக்குப் பிறகே வைத்துவிடலாம்.

இந்தப் பகுதியில் ‘சேரும்’ என்பதைவிட ‘சேராது’ என்பதுதான் முக்கியம். டிபன் உண்டு என்று மட்டும் எழுதினால், ராத்திரிச் சாப்பாடு உண்டா இல்லையா என்பது படிப்பவரின் ஆசையைப் பொறுத்ததாகிவிடும். கோடைக்கானலில் அடிக்கடி மனஸ்தாபம் வருகிற சின்னச் சின்ன விஷயங்கள் மூன்று: ராத்திரிச் சாப்பாடு, கேம்ப்ஃபயர், ரூம் ஹீட்டர். மூன்றுக்கும் படங்கள் இருக்கும். வீட்டுக்காரர் போட்ட படத்தில் நெருப்பைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு, விறகுக்கு 500 ரூபாய் தனி என்று ராத்திரி ஏழு மணிக்குக் குளிரில் நின்றுகொண்டு கேட்கும்போது, அந்த 500 பெரிய தொகையாக இருக்காது. ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணம்தான் பெரிதாக இருக்கும்.

ஆகவே தனிக்காசு விஷயங்களை விலையோடு எழுத வேண்டும். “ராத்திரி சாப்பாடு தனி” என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்ன மாதிரி. “சைவம் தலைக்கு 250, சிக்கனோட 350, மதியம் 2 மணிக்குள்ள சொல்லணும்” என்றால் முழுசு. அந்த இரண்டு மணிக்கும் காரணம் உண்டு. வில்பட்டியிலிருந்து கறி வாங்க டவுனுக்குப் போய்வர வேண்டும், நாலு மணிக்கு மேல் சொன்னால் இருப்பதை வைத்துத்தான் சமைக்க முடியும். இந்தக் காரணத்தைப் பதிலில் எழுத வேண்டியதில்லை, நேரம் போதும்.

எல்லா வீட்டிலும் இருப்பதை இங்கே அடுக்கத் தேவையில்லை. டவல், சோப்பு, டிவி என்று எழுதிக்கொண்டே போனால், சொல்ல வேறு ஒன்றும் இல்லையோ என்று தோன்றும். கேட்டவர் சொன்ன விவரத்துக்கு ஏற்ப ஒன்றைச் சேர்க்கலாம். இரண்டு குழந்தைகள் வருகிறார்கள், ஆகவே காலையில் சுடுதண்ணீர் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பது அம்மாக்களுக்கு டிவியைவிட முக்கியம்.

மூன்றாவது, நிபந்தனைகள். பதிலைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். எத்தனையோ வருட அனுபவத்தில் வந்து போன விருந்தினர்கள் செய்த ஒவ்வொரு காரியமும் ஒரு விதியாக மாறி அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். யாரோ ஒருவர் பெட்ஷீட்டில் மெஹந்தி போட்டுவிட்டுப் போனதற்காக, இன்று விலை கேட்கும் ஒவ்வொருவரும் மெஹந்தி விதியைப் படிக்க வேண்டியிருக்கிறது.

நிபந்தனைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும். சில நிபந்தனைகள், தெரிந்தால் ஒருவர் அறை போடுவதையே மாற்றிக்கொள்வார். சில நிபந்தனைகள், வந்து தங்கும்போது மட்டும் தெரிந்தால் போதும். முதல் வகை, விசாரணைக்கான பதிலில் இருக்க வேண்டும். இரண்டாம் வகை, அட்வான்ஸ் வந்த பிறகு அனுப்பும் செய்தியில் போகலாம். சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: இது முன்னாலேயே தெரிந்திருந்தால் பணம் கட்டியிருக்க மாட்டேன் என்று யாராவது சொல்வார்களா? சொல்வார்கள் என்றால் முதல் பதிலிலேயே சொல்லியாக வேண்டும்.

நம் வீட்டுக்கு இந்தச் சோதனையை வைத்துப் பார்ப்போம். கார் கேட் வரை வராது, கடைசி நூறு மீட்டர் சரிவான பாதையில் நடக்க வேண்டும். முட்டி வலியுள்ள அம்மாவைக் கூட்டி வருகிறவர் இதைக் கேட்டால் வேறு வீடு பார்ப்பார். எனவே முதல் பதிலில். மது கூடாது என்பதும் அப்படித்தான், சிலர் அதற்காகவே வருவார்கள், சிலர் அது இல்லாத வீட்டைத்தான் தேடுவார்கள். செக்-இன் மதியம் 1 மணி, செக்-அவுட் காலை 11 என்பது ராத்திரி பஸ் பிடித்துக் காலை ஆறு மணிக்கு வந்து இறங்குகிறவருக்கு ரொம்ப முக்கியம். பத்து மணிக்கு மேல் சத்தம், செருப்பை வெளியில் விடுவது, மெஹந்தி, இவையெல்லாம் அப்புறம். அடையாள அட்டை நகல் எல்லா இடத்திலும் கேட்பதுதான், அதையும் பின்னால் சொல்லலாம்.

முதல் வகையிலேயே எடை கூடியது ரத்து நிபந்தனை. ‘ஏழு நாளுக்கு முன்னால் ரத்து செய்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்’ என்று எழுதுவது வழக்கம். அந்த ஏழு நாளில் வந்து சேரும் நாள் சேருமா, எந்த மணி வரை என்று பிறகு வாக்குவாதம் வரும். நாள் கணக்கை வீட்டுக்காரரே போட்டுத் தேதியாகச் சொல்லிவிட்டால் அதற்கு இடமில்லை: “மே 14 ராத்திரி வரைக்கும் கேன்சல் பண்ணா அட்வான்ஸ் முழுசா திரும்ப. அதுக்கப்புறம் திரும்ப வராது, ஆனா ஒரு தடவை தேதி மாத்திக்கலாம்.” இதில் பெருந்தன்மை, கண்டிப்பு இரண்டும் ஒரே மூச்சில் இருக்கின்றன. இரண்டையும் பிரித்து எழுதினால் கண்டிப்பு மட்டும்தான் கண்ணில் படும்.

கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இன்னொன்று உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடை சீசனுக்குக் கோடைக்கானலில் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். பாஸ் எடுப்பது எப்படி, epass.tnega.org என்ற தளத்தில் என்ன நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் இரண்டாம் வகை, அட்வான்ஸுக்குப் பிறகு அனுப்பினால் போதும். ஆனால் ‘பாஸ் கிடைக்கலைன்னா என் காசு என்ன ஆகும்?’ என்பது முதல் வகை. வரம்பு பற்றிச் செய்தித்தாளில் படித்தவர் பணம் கட்டத் தயங்குவது இந்த இடத்தில்தான். “இ-பாஸ் கிடைக்கலைன்னா அட்வான்ஸ் திரும்ப வந்துடும்” என்ற ஒரு வரி அந்தத் தயக்கத்தை எடுத்துவிடும். ஒரே பாஸ் விவகாரத்தில் ஒரு பகுதி இந்தப் பக்கமும் மறு பகுதி அந்தப் பக்கமும் போவதைக் கவனியுங்கள்.

வரிசையை மீறி, விலைக்கும் முன்னால் வர வேண்டிய நிபந்தனை ஏதாவது உண்டா? உண்டு. கேட்டவரின் கோரிக்கையையே தள்ளிவிடக்கூடியது எதுவோ, அது. கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர் என்று எழுதியிருக்கிறார்கள், இந்த வீட்டில் குடும்பங்களுக்கு மட்டும்தான் என்றால், அதை முதல் வரியில் மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். விலை, டிபன், பால்கனி எல்லாம் சொல்லிவிட்டு அடியில் ‘பேச்சலர்ஸ் நாட் அலவ்டு’ என்று போடுவது, பந்தியில் உட்கார வைத்து இலை போட்ட பிறகு எழுப்பி அனுப்புவது மாதிரி.

நாலாவது, அடுத்த படி. “மேலும் விவரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்” என்பது அடுத்த படி கிடையாது, ஏனென்றால் அவர் ஏற்கனவே தொடர்புகொண்டுதான் இருக்கிறார். அடுத்த படி என்றால் ஒரே ஒரு காரியம், ஒரு தொகை, ஒரு கெடு. “ஓகேன்னா 5,000 அட்வான்ஸ் இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க. நாளைக்கு (திங்கள்) சாயந்தரம் 6 மணி வரைக்கும் ரெண்டு ரூமையும் வேற யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்.” கால் பண்ணுங்க, இல்லைன்னா லிங்க்ல போங்க, இல்லைன்னா மெயில் போடுங்க என்று மூன்று வழி காட்டினால், எதில் போவது என்ற யோசனையிலேயே அன்றைய இரவு போய்விடும்.

கெடு உண்மையானதாக இருக்க வேண்டும். “ஒரே ரூம்தான் பாக்கி, சீக்கிரம்!” என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் கழித்துக் கேட்டாலும் அதே ரூம் இருந்தால், அடுத்த முறை அந்த வீட்டுக்காரர் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். அதைப் போலவே, ஆறு மணி வரை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் ஐந்து மணிக்கு வேறு ஆள் முழுப் பணத்தோடு வந்தாலும் கொடுக்கக் கூடாது. முடியாது என்று தோன்றினால் கெடுவைக் குறைத்துச் சொல்லலாம்.

அட்வான்ஸ் விஷயத்தில் இப்போது இரண்டு பக்கமும் பயம் இருக்கிறது. போலி ஹோம்ஸ்டே படங்களைக் காட்டிப் பணம் பறித்தவர்களைப் பற்றிப் படித்தவர், தெரியாத நம்பருக்கு 5,000 அனுப்பத் தயங்குவார். ஜிபேயில் வரும் பெயரும் வீட்டுப் பெயரும் வேறாக இருந்தால் தயக்கம் இரட்டிப்பாகும். “ஜிபேல என் வீட்டுக்காரர் பேர் வரும்” என்று முன்கூட்டியே பெயரைச் சொல்லிவிட்டால் போதும். இந்தப் பக்கம் வேறு மாதிரி மோசடி: ராணுவ அதிகாரி என்று சொல்லி அறை போடுகிறவர், அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் கோடை அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடச் சொல்வார். பணம் வருவதற்குப் பின் நம்பர் போட வேண்டிய வேலையே கிடையாது. ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாமல் கணக்கில் தொகை ஏறியதா என்று பார்த்த பிறகே ‘கன்ஃபார்ம்’ என்று எழுத வேண்டும்.

அடுத்த படியை நிபந்தனைக்கு முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். விலையைச் சொல்லி உடனே அட்வான்ஸ் கேட்டு, வந்த பிறகு ரத்து விதியையும் நடக்க வேண்டிய நூறு மீட்டரையும் சொன்னால், அவருக்கு அது மாட்டிக்கொண்ட மாதிரிதான் இருக்கும். நாளைக்கு ரத்து செய்ய நேர்ந்தால், ‘இதை நீங்க காசு வாங்கறதுக்கு முன்னாடி சொல்லவே இல்லையே’ என்பார். வாட்ஸ்அப்பில் எந்தச் செய்தி எத்தனை மணிக்குப் போனது என்பது அப்படியே இருக்கும், அவர் பக்கம்தான் நியாயம் நிற்கும்.

இனி முழுப் பதிலையும் ஒரு சேரப் பார்க்கலாம்:

“வணக்கம். மே 22 வெள்ளி, 23 சனி ரெண்டு ராத்திரிக்கும் ரூம் இருக்குங்க. 4 பெரியவங்களுக்கு மொத்தம் ₹12,800.
(2 ரூம், 2 ராத்திரி, ரூமுக்கு ₹3,200, சீசன் ரேட்.) 10 வயசு வரை பசங்களுக்கு ஃப்ரீ. அதுக்கு மேலன்னா எக்ஸ்ட்ரா பெட், ஒருத்தருக்கு ரெண்டு ராத்திரிக்கும் ₹1,200.

இதுல எல்லாருக்கும் காலை டிபன், காலையில 6 மணியிலிருந்து சுடுதண்ணி, கார் பார்க்கிங் சேரும். ராத்திரி சாப்பாடு தனி: சைவம் ₹250, சிக்கனோட ₹350, மதியம் 2-க்குள்ள சொல்லணும். கேம்ப்ஃபயர் ₹500, ஹீட்டர் ராத்திரிக்கு ₹300.

கார் நிறுத்துற இடத்திலிருந்து 100 மீட்டர் சரிவுல நடக்கணும். ட்ரிங்க்ஸ் வேண்டாம்ங்க. செக்-இன் 1 மணி, செக்-அவுட் 11. மே 14 ராத்திரி வரைக்கும் கேன்சல் பண்ணா அட்வான்ஸ் முழுசா திரும்ப, அப்புறம்னா ஒரு தடவை தேதி மாத்திக்கலாம். இ-பாஸ் கிடைக்கலைன்னாலும் அட்வான்ஸ் திரும்ப வந்துடும்.

ஓகேன்னா ₹5,000 அட்வான்ஸ் இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, நாளைக்கு சாயந்தரம் 6 வரைக்கும் ரூம் வெச்சிருக்கேன். மீதியை வந்து குடுத்தா போதும்.”

படங்கள்? கேட்டால் அனுப்பலாம், இல்லையென்றால் பதிலுக்குப் பின்னால் நாலு. தரப்போகும் இரண்டு அறையின் படம் இரண்டு, பாத்ரூம் ஒன்று, நடக்க வேண்டிய பாதை ஒன்று. அந்தக் கடைசிப் படத்தைப் பலர் அனுப்ப மாட்டார்கள். அனுப்புவது நல்லது.

பதில் சரியாகப் போனதா என்பது திரும்பி வரும் கேள்வியிலேயே தெரியும். “வேற எக்ஸ்ட்ரா எதுவும் இல்லைல்ல?” என்று கேட்டால் இரண்டாம் பகுதி தெளிவாக இல்லை. “கேன்சல் பண்ணா?” என்று கேட்டால் நிபந்தனையில் தேதி விட்டுப்போயிருக்கிறது. “எப்படி புக் பண்றது?” என்றால் கடைசி வரி சரியில்லை. ஒரே கேள்வி வாரம் முழுக்க வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தால், அந்த வரியை மாற்றி எழுதிச் சேமித்துவைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் பிசினஸில் இப்படிச் சேமித்த பதிலை ஒரு குறிச்சொல் தட்டி எடுக்கும் வசதி இருக்கிறது. தேதி, தொகை, கெடு மூன்றை மட்டும் ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற வேண்டும். போன வாரத்து ‘மே 14’ அடுத்த ஆளுக்கும் போய்விடுவது இங்கே சகஜமாக நடக்கிற தப்பு.

“கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?” என்று கேட்பது பதில் சரியில்லை என்பதற்கு அடையாளம் கிடையாது. மற்றதெல்லாம் பிடித்திருக்கிறது என்பதால்தான் கேட்கிறார்கள். அங்கேயும் இதே வரிசை உதவும். விலையை வெறுமனே 11,500 என்று இறக்கினால், முதலில் சொன்ன 12,800 சும்மா சொன்னது என்று ஆகிவிடும். விலையில் கை வைக்காமல் இரண்டாம் பகுதியில் ஒன்றைச் சேர்க்கலாம்: “ரேட் இதுதாங்க, கேம்ப்ஃபயர் ஒரு ராத்திரி நம்ம செலவு.” அல்லது மூன்றாம் பகுதியில் ஒன்றை மாற்றலாம்: வெள்ளி, சனிக்குப் பதில் ஞாயிறு, திங்கள் வந்தால் ரூமுக்கு 2,600. எது குறைந்தாலும் அதற்கு ஒரு காரணம் பதிலிலேயே இருக்கும்.

திங்கள் மாலை ஆறு மணி ஆகியும் பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை என்றால் இன்னும் ஒரே ஒரு செய்தி போதும்: “வணக்கம். 22, 23 ரூமை இப்ப மத்தவங்களுக்குக் குடுக்க ஆரம்பிக்கிறேன். நாளைக்கு முடிவு பண்ணாலும் ஒரு தடவை கேளுங்க, இருந்தா குடுக்கறேன்.” இதில் கோபமும் கெஞ்சலும் இல்லை. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஆறரை மணிக்கு அட்வான்ஸ் அனுப்புகிறவர்கள் உண்டு. அனுப்பாதவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அறை அடுத்து கேட்பவருக்குத் திறந்திருக்கிறது.